சிறு கடையின் இறுதிக் கணக்கு: மூலதனம் எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று தெரியும்படி ஐந்தொகை போடுவது எப்படி

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்தில் கொப்பி, பேனை, ஃபைல், டயறி விற்கிற ஒரு கடை இருக்கிறது. ஒருவர் நடத்துகிற கடை, வேலைக்கு ஒரு பையன், சாமான் முழுக்கப் புறக்கோட்டையில் இருந்து வரும். கடைக்காரரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குக் கணக்கு முடித்துக் கொடுக்கப் போனபோது, முதலில் அவர் கையில் இருந்த கணக்கைக் காட்டி அவர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, லாபம் பத்து லட்சத்துக்கு மேல என்று எழுதியிருக்கு, அந்தக் காசு எங்க?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பரீட்சை மீதியில் தொடங்கி, செம்மையாக்கம் செய்து, ஐந்தொகையில் மூலதன அசைவு வரை ஒரே கடையை வைத்துப் போய்ப் பார்க்கலாம். இலக்கங்களைக் கணக்குச் சுலபமாக வரும்படி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், பிழைகளை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. நம் நாட்டுப் பாடப்புத்தகத்தில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. தமிழ்நாட்டுப் புத்தகத்தில் இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. அதாவது வரவு என்ற ஒரே சொல் பாக்குநீரிணையைத் தாண்டினால் எதிர்ப்பக்கம் போய்விடும். இணையத்தில் தேடிப் படிக்கிறவர்கள் இதில் மாட்டிக்கொண்டு அரைநாள் மண்டையை உடைப்பதைப் பார்த்திருக்கிறேன். இங்கே நான் எழுதுவது நம் முறை.

சரி, 2025 மார்ச் 31 அன்று பேரேட்டு மீதிகளை எடுத்துப் போட்ட பரீட்சை மீதி இது. எல்லாம் ஆயிரம் ரூபாயில், அதனால் 678.5 என்றால் 678,500 ரூபாய்.

| கணக்கு | வரவு | செலவு |
|---|---|---|
| ஆரம்ப இருப்பு | 850 | |
| கொள்வனவு | 6,200 | |
| நாட்டாமைக் கூலி, லொறிக் கூலி | 60 | |
| விற்பனை | | 8,900 |
| கடை வாடகை | 650 | |
| சம்பளம், சேமலாப நிதி, நம்பிக்கை நிதி | 678.5 | |
| மின்சாரம் | 180 | |
| ஏனைய செலவுகள் | 90 | |
| தளபாடம், கணினி (கிரயம்) | 800 | |
| திரண்ட தேய்மானம் (2024 ஏப்ரல் 1) | | 160 |
| கடன்பட்டோர் | 640 | |
| ஐயக்கடன் ஏற்பாடு (2024 ஏப்ரல் 1) | | 22 |
| கடன்கொடுத்தோர் | | 520 |
| வங்கி | 273.5 | |
| கையிலுள்ள காசு | 60 | |
| எடுப்பனவு | 720 | |
| மூலதனம் (2024 ஏப்ரல் 1) | | 1,600 |
| மொத்தம் | 11,202 | 11,202 |

இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது. இதைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். காசு தவறான கணக்குக்குப் போயிருந்தாலும் இது ஒத்துத்தான் போகும். இந்த அட்டவணைக்குள்ளேயே 300 ஆயிரத்துக்கு ஒரு பிழை உட்கார்ந்திருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் வேலை, இருப்பு. மார்ச் 31 மாலை கடையை மூடிவிட்டு எண்ணியதில் வாங்கிய விலைப்படி 980 வந்தது. அதற்குள் 2025 டயறிகள் ஒரு பெட்டி, வாங்கிய விலை 50. மார்ச் முடிந்த பிறகு டயறி யார் வாங்குவார்? விலையை அடித்துக் குறைத்தால் எல்லாமாக 20 வரும் என்றார் அண்ணா. இருப்பை வாங்கிய கிரயத்திலும், விற்றுக் கையில் எடுக்கக்கூடிய தொகையிலும் எது குறைவோ அதில்தான் போட வேண்டும். அதையும் பொருள் பொருளாகப் பார்க்க வேண்டும், கொப்பியில் வரப்போகிற லாபத்தைக் காட்டி டயறியின் நட்டத்தை மறைக்க முடியாது. ஆகவே 30 குறைந்து இறுதி இருப்பு 950. இந்த ஒரு இலக்கம் இரண்டு இடத்துக்குப் போகிறது: விற்ற பொருளின் கிரயத்தில் கழிபடும், ஐந்தொகையில் சொத்தாக நிற்கும். மற்றச் செம்மையாக்கங்களும் இப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால். ஒரு காலை மட்டும் எழுதினால் ஐந்தொகை நொண்டும்.

அடுத்தது வாடகை. மாதம் 50 வீதம் 12 மாதத்துக்கு 600 வர வேண்டும், கணக்கில் 650 இருக்கிறது. ஏப்ரல் வாடகையை மார்ச் கடைசியிலேயே கொடுத்துவிட்டார். இந்த வருடச் செலவு 600, மீதி 50 முற்கொடுப்பனவு, அது நடைமுறைச் சொத்து. புதியவர்கள் இதைப் பொறுப்புப் பக்கம் தூக்கிப் போடுவதுண்டு, வாடகை என்றாலே கொடுக்க வேண்டியது என்று கை போய்விடும். அப்படிப் போட்டால் ஐந்தொகையில் வித்தியாசம் 50 அல்ல, 100 வரும், ஏனென்றால் ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் கூடியிருக்கும். அதனால் ஐந்தொகை ஒத்துவராத போது வித்தியாசத்தை இரண்டால் வகுத்துப் பாருங்கள். வருகிற தொகை செம்மையாக்கப் பட்டியலில் எங்கேயாவது இருந்தால் அதைத்தான் பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

சம்பளத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், இங்கேதான் சின்னக் கடைகள் வழக்கமாகத் தவறவிடுகின்றன. பையன் 2024 ஏப்ரல் 1 வேலைக்கு வந்தான், மாதச் சம்பளம் 50. ஊழியர் சேமலாப நிதிக்கு அவன் சம்பளத்தில் 8 சதவீதம் பிடிப்பு, முதலாளி தன் கையில் இருந்து 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 சதவீதம். மாதம் மாதம் பையன் கையில் 46 போகும், சேமலாப நிதிக்கு 10, நம்பிக்கை நிதிக்கு 1.5. நிதிகளுக்கான காசு அடுத்த மாதம்தான் கட்டப்படும், ஆகவே மார்ச் மாதத்துக்கான 11.5 ஏப்ரலில் போகும். காசேட்டில் வருடத்துக்கு 46 பன்னிரண்டு தடவையும், 11.5 பதினொரு தடவையும் தான் இருக்கும். 552 உடன் 126.5 கூட்டினால் 678.5, பரீட்சை மீதியில் இருப்பது அதுதான்.

விடுபட்ட 11.5ஐச் செலவில் கூட்டி, ஐந்தொகையில் அட்டுறு செலவாகப் பொறுப்பில் காட்ட வேண்டும். சரிதானா என்று பார்க்க ஒரு குறுக்கு வழி: முழுச் சம்பளம் 600, அதன் மேல் முதலாளியின் 15 சதவீதம், மொத்தம் 690. நமக்கும் 678.5 உடன் 11.5 கூட்டினால் 690. பிடித்த 8 சதவீதத்தைத் தனிச் செலவாகக் கூட்டக் கூடாது, அது பையனுடைய சம்பளத்துக்குள்ளேயே இருப்பது. கூட்டியிருந்தால் 15 சதவீதச் சோதனை உடனே காட்டிக்கொடுக்கும்.

தேய்மானம் சுருக்கமான விஷயம். தளபாடம், கணினி எல்லாவற்றுக்கும் கிரயத்தில் 10 சதவீதம், நேர்கோட்டு முறை, 80. செலவில் 80, திரண்ட தேய்மானம் 160 இல் இருந்து 240 ஆகும், ஐந்தொகையில் 800 கழித்தல் 240, தேறிய பெறுமதி 560. செலவில் 240 ஐப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், திரண்டது வேறு, இந்த வருடத்துக்கானது வேறு.

கடன்பட்டோரில் வரிசை முக்கியம். மொத்தம் 640. ஒரு டியூஷன் வகுப்பு மூடப்பட்டு நடத்தியவர் வெளிநாடு போய்விட்டார், அவர் தர வேண்டிய 40 இனி வராது. முதலில் அதைப் பதிவழித்து 600 ஆக்க வேண்டும், அப்புறம்தான் ஐயக்கடனுக்கு 5 சதவீதம் கணக்கிட வேண்டும், 30 வரும். 640 இல் கணக்கிட்டால் 32 வந்துவிடும், வராது என்று முடிவுகட்டிய கடனுக்கே மீண்டும் ஏற்பாடு செய்த மாதிரி. இன்னொன்று, ஏற்பாட்டுக் கணக்கில் ஏற்கனவே 22 இருக்கிறது, அதனால் இந்த வருடச் செலவு 30 அல்ல, கூடிய 8 மட்டும். ஐந்தொகையில் மட்டும் முழு 30 கழிந்து கடன்பட்டோர் 570 என்று நிற்கும்.

இதுவரை சொன்னவை எல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பவை, பரீட்சைக்குப் படித்தவர்களுக்குப் பழக்கமானவை. உண்மைக் கடையில் எனக்கு நேரம் போனது இனி வருகிற மூன்றில்தான்.

ஒன்று, பாடசாலை தொடங்கும்போது அண்ணா தன் பிள்ளைகளுக்குக் கடையில் இருந்தே கொப்பி, பை, பேனை எல்லாம் எடுத்துக் கொடுத்தார். வாங்கிய விலை 40, விற்றிருந்தால் 52. எதையும் எழுதவில்லை, சொந்தக் கடைதானே. இதைக் கொள்வனவில் இருந்து 40 கழித்து எடுப்பனவில் 40 கூட்ட வேண்டும். கிரயத்தில்தான், 52 இல் அல்ல. ஒருவர் தனக்கே விற்று லாபம் பார்க்க முடியாது.

இரண்டு, கடைக்கு மேல் வீடு, ஒரே மின்மானி. வருடம் முழுக்க வந்த கரண்ட் பில் 180 கடைக் கணக்கில் இருக்கிறது. பில்லையும் வீட்டில் ஓடுகிற சாமான்களையும் வைத்துப் பார்த்து மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்கு என்று இருவருமாக முடிவு செய்தோம். 60 செலவில் இருந்து எடுப்பனவுக்குப் போகும், கடைக்கு மிஞ்சுவது 120. இந்தப் பங்கை எப்படி எடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி பில்களோடு வைத்துவிடுங்கள், அடுத்த வருடமும் அதே முறையைப் பிடிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் பெரியது. விற்பனை 8,900 என்ற கணக்கில் மொத்த லாப வீதம் பார்த்தேன், 31 சதவீதத்துக்கு மேல் வந்தது. முந்தைய வருடம் 29 ஐ ஒட்டித்தான் இருந்தது. விலை ஏற்றினீர்களா என்றால் இல்லை, புறக்கோட்டையில் விலை இறங்கியதா என்றால் அதுவும் இல்லை. வங்கிக் கூற்றை எடுத்து வைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது ஓகஸ்ட் மாதத்தில் ஒரே நாளில் முழுசாக 300 ஆயிரம். நாளுக்கு இருபது முப்பதாயிரம் வைப்பிடுகிற கடைக்கு அப்படி ஒரு முழுத் தொகை பொருந்தவில்லை. கேட்டேன். "அது கனடாவில இருந்து என் தம்பி எனக்கு அனுப்பினது, சாமான் போட என்று கடைக் கணக்கில போட்டேன்" என்றார். திருப்பித் தர வேண்டியதா என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன், ஏனென்றால் திருப்பித் தர வேண்டியது என்றால் அது கடன், பொறுப்புப் பக்கம் போகும். வேண்டியதில்லை, அவருக்கே தந்தது. அப்படியானால் அது உரிமையாளர் இட்ட மேலதிக மூலதனம். வங்கியில் வந்ததையெல்லாம் விற்பனை என்று எழுதியதில் அது விற்பனைக்குள் போய்விட்டது. விற்பனை 8,600, மேலதிக மூலதனம் 300.

இப்போது கணக்கை ஓட்டலாம். ஆரம்ப இருப்பு 850, கொள்வனவு 6,160, கூலி 60, மூன்றையும் கூட்டி இறுதி இருப்பு 950 ஐக் கழித்தால் விற்ற பொருளின் கிரயம் 6,120. நாட்டாமைக் கூலியும் லொறிக் கூலியும் சாமானைக் கடைக்குக் கொண்டுவந்த செலவு, அதனால் இங்கே. வாடிக்கையாளருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற செலவாக இருந்தால் கீழே போயிருக்கும். விற்பனை 8,600 இல் கழித்தால் மொத்த லாபம் 2,480, அதாவது 28.8 சதவீதம். இப்போது முந்தைய வருடத்தோடு ஒத்துப்போகிறது.

செலவுகள்: வாடகை 600, சம்பளமும் நிதிகளும் 690, மின்சாரம் 120, ஏனையவை 90, தேய்மானம் 80, அறவிட முடியாக் கடன் 40, ஐயக்கடன் ஏற்பாட்டில் கூடியது 8. மொத்தம் 1,628. தேறிய லாபம் 852.

அண்ணா மாதம் 60 எடுத்தது சம்பளம் இல்லையா என்று கேட்பார்கள். இல்லை. தனி வியாபாரத்தில் உரிமையாளருக்குச் சம்பளம் கிடையாது, எடுப்பது எல்லாம் எடுப்பனவுதான், அது லாபத்தைத் தொடாது.

இனி ஐந்தொகை.

| 2025 மார்ச் 31 இல் உள்ளபடி ஐந்தொகை | | |
|---|---|---|
| நடைமுறையல்லாச் சொத்து | | |
| தளபாடம், கணினி (800 − 240) | | 560 |
| நடைமுறைச் சொத்துகள் | | |
| இருப்பு | 950 | |
| கடன்பட்டோர் (600 − 30) | 570 | |
| முற்கொடுப்பனவு வாடகை | 50 | |
| வங்கி | 273.5 | |
| காசு | 60 | 1,903.5 |
| மொத்தச் சொத்து | | 2,463.5 |
| மூலதனம் | | |
| 2024 ஏப்ரல் 1 மீதி | 1,600 | |
| கூட்டு: மேலதிக மூலதனம் | 300 | |
| கூட்டு: தேறிய லாபம் | 852 | |
| | 2,752 | |
| கழி: எடுப்பனவு (720 + 40 + 60) | (820) | 1,932 |
| நடைமுறைப் பொறுப்புகள் | | |
| கடன்கொடுத்தோர் | 520 | |
| அட்டுறு சேமலாப, நம்பிக்கை நிதி | 11.5 | 531.5 |
| மொத்தம் | | 2,463.5 |

ஒத்துப்போய்விட்டது. ஆனால் நான் காட்ட வந்தது இனித்தான். அந்த மூன்று திருத்தங்களையும் செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விற்பனையில் 300 கூடுதலாக நிற்கும், கொள்வனவில் 40, மின்சாரத்தில் 60 கூடுதல் செலவு நிற்கும். தேறிய லாபம் 1,052. மூலதனம்: 1,600, கூட்டு 1,052, கழி 720, வருவது அதே 1,932. ஐந்தொகையும் அதே 2,463.5 இல் அழகாக ஒத்துப்போகும். அண்ணா கேட்ட பத்து லட்சத்துச் சொச்சம் லாபம் இதுதான், அவர் கையில் முதலில் இருந்த கணக்கில் எழுதியிருந்தது.

இறுதி மூலதனம் சரியாக இருந்தும் அதற்குப் போன வழி பிழையாக இருக்க முடியும் என்பது இதில் தெரிகிறது. உரிமையாளருக்கும் கடைக்கும் இடையில் நடந்த எதுவும், காசு போட்டது, சாமான் எடுத்தது, வீட்டுச் செலவைக் கடை கட்டியது, லாபத்துக்குள் நுழைந்துவிட்டால் ஐந்தொகை வாயைத் திறக்காது. லாபத்தில் கூடியது மேலதிக மூலதனத்தில் குறைந்தும், லாபத்தில் குறைந்தது எடுப்பனவில் குறைந்தும் சமப்பட்டுவிடும். தம்பி அனுப்பிய காசுக்கு வருமானம் என்று கணக்குக் காட்டி, இல்லாத லாபத்தை வரிக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டி வரும். வரிக்கு வேறு மாற்றங்களும் உண்டு, இந்த 80 தேய்மானமும் ஐயக்கடன் ஏற்பாடும் அங்கே அப்படியே கழியாது, ஆனால் தொடக்கமே பிழை என்றால் அதற்கு மேல் செய்வதெல்லாம் பிழை.

அட்டுறு செலவு வேறு வகை. 11.5ஐ இரண்டு இடத்திலும் மறந்திருந்தால் லாபம் 863.5, இறுதி மூலதனம் 1,943.5, பொறுப்பு 520, மொத்தம் அப்போதும் 2,463.5. இங்கே இறுதி மூலதனமே பிழை, அதையும் ஐந்தொகை சொல்லாது. சொல்வது ஒன்றைத்தான்: ஒரு இடத்தில் எழுதி மறு இடத்தில் மறந்ததை. மற்ற இரண்டையும் நீங்கள் வேறு வழியில் தேட வேண்டும். நான் செய்வது இதுதான்: மொத்த லாப வீதத்தைப் பழைய வருடத்தோடு வைத்துப் பார்ப்பது, வங்கிக் கூற்றில் வழக்கத்துக்கு மாறான முழுத் தொகைகளைக் கேட்பது, ஏப்ரல் மாதம் கட்டிய பில்களைப் புரட்டி எது மார்ச் மாதத்துக்கானது என்று பார்ப்பது. கடைசியில் உரிமையாளரை உட்கார வைத்து, கடையில் இருந்து வீட்டுக்கு என்ன போனது, வீட்டில் இருந்து கடைக்கு என்ன வந்தது என்று நேராகக் கேட்டுவிடுவது. கொஞ்சம் கூச்சப்படுவார்கள், பரவாயில்லை.

அண்ணாவுக்குப் பதிலும் அந்த மூலதனப் பகுதியிலேயே இருக்கிறது. கடை உண்மையில் சம்பாதித்தது 852, அவர் எடுத்தது 820. கடைக்குள் மிஞ்சியது 32 தான். மூலதனம் 332 கூடியிருக்கிறதே என்றால் அதில் 300 தம்பியின் காசு. இதைக் காட்டியபோது அவர் முதலில் மறுத்தார், மாதம் 60 தானே எடுத்தேன் என்றார். கொப்பியையும் கரண்டையும் சேர்த்துக் காட்டியதும் பேசாமல் இருந்தார்.

கணக்கை மூடும்போது எடுப்பனவுக் கணக்கில் உள்ள 820 மூலதனக் கணக்குக்குப் போய் பூச்சியமாகிவிடும், லாபமும் அப்படியே, 2025 ஏப்ரல் 1 அன்று மூலதனக் கணக்கு 1,932 இல் திறக்கும். முற்கொடுத்த 50 ஐ அன்றே வாடகைக் கணக்கின் வரவுப் பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடம் 11 மாத வாடகைதான் செலவாக நிற்கும். ஏப்ரலில் நிதிகளுக்குக் கட்டுகிற 11.5 அட்டுறு கணக்குக்குப் போக வேண்டும், பழக்கத்தில் சம்பளக் கணக்கில் எழுதினால் அடுத்த மார்ச் அட்டுறையும் சேர்த்ததும் நிதிகளுக்கு 13 மாதச் செலவு வந்துவிடும். வந்திருக்கிறதா என்று பார்க்க முன்பு சொன்ன அதே 15 சதவீதச் சோதனை போதும்: சம்பளம் மாறாமல் இருந்தால் 690 வர வேண்டிய இடத்தில் 701.5 நிற்கும்.